நாங்க ஒண்ணும் கேக்கலைங்க

“எம்.ஏ. படிச்ச புள்ள எழுதுன பாட்டு. நம்ம வாயில எல்லாம் நொழையாது.”

வேப்பந்தட்டையில், சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னது இது. பக்கத்தில் இருந்தவளிடம்தான் சொன்னாள். ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னாள். என் முதல் வீதி நாடகம் அப்போதுதான் முடிந்திருந்தது.

குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பறையைத் தீயில் எப்படிக் காய்ச்சுவது, வட்டம் எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் பறை வாசிக்கும் அண்ணன் சொல்லித் தருவார். நான் சொல்லப் போவது பல்லவியைப் பற்றி. ஜனங்கள் நம்மோடு சேர்ந்து சொல்லும் அந்த ஒற்றை வரியைப் பற்றி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனர். அம்மாவுக்கு ரேஷன் கார்டில் என் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று இடத்தை வைத்துத்தான் தெரியும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து எம்.ஏ. வரை போனவளுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும். எனக்கு இருந்தது. இன்னும் இருக்கிறது. அந்தத் திமிரில் வரதட்சணைக்கு எதிராக நான் எழுதிய முதல் பல்லவி இது:

“பெண்மையை விலைபேசும் பேதைமை ஒழியட்டும்!”

சிரிக்காதீர்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். மோனை பார்த்தீர்களா? வேப்பந்தட்டை கடைத்தெருவில் இதைப் பத்து முறை பாடினோம். ஒவ்வொரு முறையும் “நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள்” என்று கையை ஏந்தினேன். நாங்கள் ஆறு பேர் மட்டும் கத்தினோம். ஜனங்கள் பஸ்ஸைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் அந்த வெங்காயக்காரப் பெண் வாய் திறந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் ஏறியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். கலைச்செல்விதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் நாடகத்தில் மாமியார் வேஷம் கட்டுகிறவள். இருபத்திரண்டு வயதில் அறுபது வயது மாமியாரை அப்படியே கொண்டுவந்து நிறுத்துவாள். “அக்கா, ‘பேதைமை’ன்னா என்ன?” என்று கேட்டாள். பத்து முறை அதைப் பாடியவள் கேட்கிறாள். அதற்கு மேல் எனக்கு என்ன பாடம் வேண்டும்?

சரியான பல்லவியை நான் எழுதவில்லை. எனக்கு அது கேசரியோடு கிடைத்தது.

என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரியை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, நாற்காலியில் முன்னால் நகர்ந்து சொன்னார்: “நாங்க ஒண்ணும் கேக்கலைங்க. ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யப் போறீங்க. மூத்த மருமவ முப்பது பவுனோட வந்துச்சு. அது அவுங்க ஆசை. நாங்க ஒண்ணும் கேக்கலைங்க.” அதற்குப் பிறகு பீரோ வந்தது, கட்டில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் முடிவில் அதே வரி வந்தது. அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் காபித் தட்டோடு நின்றுகொண்டு எண்ணினேன். ஏழு முறை! ஒவ்வொரு முறையும் ஒரே தாளம். நாங்க, ஒண்ணும், கேக்க, லைங்க. நாலு அடி. பறைக்கென்றே செய்து வைத்தது மாதிரி இருந்தது.

கேட்பது சட்டப்படி குற்றம் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொடுப்பதும் குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் கேட்பது குற்றம் என்று தெரியும். அதனால் யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே வாங்குவதற்கு ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரை பெண்ணைப் பெற்ற ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறார்கள். பையனைப் பெற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பையனும் பெண்ணும் பெற்றவர்கள் இரண்டும் செய்திருக்கிறார்கள். அப்படியென்றால் இந்தப் பல்லவியை யாருக்கும் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

அந்தச் சம்பந்தம் போயிற்று. பாட்டு வந்தது.

“பையன் நடந்தா காலு வலிக்குது
பஸ்ஸுல ஏறுனா சட்டை கசங்குது
வாசல் பைக்குக்கு ஏங்கிக் கெடக்குது, ஆனா...
நாங்க ஒண்ணும் கேக்கலைங்க!

ஏசி இல்லாம எங்க நாயி தூங்காது
எட்டடி டீவிய பூனை தாண்டாது
மாட்டுக் கொட்டாய்க்கு மார்பிளு ஆவாதா? ஆனா...
நாங்க ஒண்ணும் கேக்கலைங்க!”

அந்த ‘ஆனா’வைக் கவனியுங்கள். பாட்டின் கதவு அதுதான். ஒவ்வொரு சரணமும் ‘ஆனா’வில் முடியும். அங்கே பறை நிற்கும். இரண்டு அடி சும்மா விட வேண்டும். “சேர்ந்து சொல்லுங்க” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கேட்டால் வெட்கப்படுவார்கள். காலியாக விட்டால் அவர்களால் சும்மா இருக்க முடியாது. முதல் இரண்டு சரணத்துக்கு நம் ஆட்கள் இருவர் கூட்டத்தின் நடுவில், ஜனத்தோடு ஜனமாக நின்று பல்லவியைச் சொல்ல வேண்டும். மூன்றாவது சரணத்தில் அவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு அடியை நீங்களே பாடி முடித்துவிடத் தோன்றும். தோன்றட்டும், நிரப்பாதீர்கள். வாசற்படியில் நிற்கும் ஏதாவது ஒரு அக்கா களுக்கென்று சிரித்துவிட்டுச் சொல்வாள். அவ்வளவுதான், நாலாவது சரணம் ஊருடையது.

வேப்பந்தட்டைக்குத் திரும்பப் போனோம். வேண்டுமென்றே அதே கடைத்தெரு. அந்த வெங்காயக்காரப் பெண் ஐந்தாவது சரணத்தில் அறுவாளையே தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். முடிந்ததும் அருகில் போய், “வாயில நொழைஞ்சுதாங்க?” என்று கேட்டேன். “இது என் வாயிலேருந்து எடுத்ததுதானே? எடுத்ததைத் திருப்பி வக்கிறதுக்கு என்ன கஷ்டம்?” என்றாள். என் திமிரில் பாதி அன்று போயிற்று.

மீதிப் பாதி சிறுவாச்சூரில் போயிற்று.

கோயிலுக்கு வரும் கூட்டம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஆடினோம். பைக்கு சரணம் பாடும்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல், “ஏண்டாப்பா, ஒன் புது வண்டி எப்புடி ஓடுது?” என்று ஒருவரைக் கிண்டல் செய்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? அந்த ஆளைச் சுட்டிக்காட்டி அதே சரணத்தை இரண்டாம் முறை பாடினேன். ஊரே அவர் பக்கம் திரும்பி, “நாங்க ஒண்ணும் கேக்கலைங்க!” என்று கத்தியது. பாட்டு எழுதிய நாளிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அந்த ஆளும் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார், கண் சிரிக்கவில்லை. நான் பல்லை மட்டும் பார்த்தேன்.

கூட்டம் கலையும்போது ஒரு பெண் என்னிடம் வந்தாள். கையில் பூசைக் கூடை. என் வயதுதான் இருக்கும். “பாட்டு நல்லா இருந்துச்சுக்கா. எல்லாரும் சிரிச்சிட்டு அவுங்கவுங்க வூட்டுக்குப் போயிட்டாங்க. நான் இந்த வண்டியிலதான் பின்னாடி ஒக்காந்து போவணும்” என்றாள்.

சொல்லிவிட்டுப் போய் அந்த ஆளின் பின்னால் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

பாட்டில் இருக்கும் அம்பு ஊரில் நிற்கும் ஒரு ஆள் மேல் பட்டால், அதன் முனை அவன் வீட்டுப் பெண்ணின் மேல்தான் குத்தும். இதை நான் நோட்டில் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலே மறக்க முடியாத விஷயம் இது ஒன்றுதான்.

இனி கலைச்செல்வியின் கதைக்கு வருகிறேன்.

கலைக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பிரபு, வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். நல்ல பையன், கலை நாடகத்தில் நடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவன் அம்மா ராஜாமணி வந்து பார்த்துவிட்டு, நீங்கள் நினைப்பது சரி, “நாங்க ஒண்ணும் கேக்கலைங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கலை உள்ளே போய்ச் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாளாம். பத்திரிகை அடித்து, பாதி கொடுத்தும் ஆயிற்று. கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது போன் வந்தது. பேசியது பிரபுவின் தாய்மாமன். “நாங்க ஒண்ணும் கேக்கல. ஆனா மண்டபத்து வாசல்ல ஒரு பைக்கு நின்னா ரெண்டு வூட்டுக்கும் கௌரவம்.”

கலையின் அப்பாவிடம் இருந்தது இரண்டு கறவை மாடு. அந்தப் பாலில்தான் வீடு ஓடுகிறது. கலையின் தம்பி படிப்பும் அதில்தான். பைக்கு வந்தால் மாடு போகும். பைக்கு வராவிட்டால் கல்யாணம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

அதே வாரம் எங்களுக்கு நிகழ்ச்சிப் பட்டியல் வந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. ஊர்: பிரபுவின் ஊர்.

கலையின் அப்பா என்னைத் தேடி வந்தார். “டீச்சரம்மா, அந்த ஊரு மட்டும் வேணாங்க. மாட்டுக்கு ஆளு பாத்துட்டேன். பாட்டு பாடி சம்பந்தம் நின்னு போச்சுன்னா எம் பொண்ணு காலத்துக்கும் பேரு கெட்டு நிப்பா.” நான் டீச்சர் இல்லை. படித்தவர்கள் எல்லோரும் அவருக்கு டீச்சர்தான்.

கலை அடுத்த நிமிடமே வந்து நின்றாள். “அக்கா, போறோம். நான்தான் மாமியாரா ஆடுவேன். என் மாமியாருக்கு முன்னாடியே அவுங்கள மாதிரி ஆடிக் காட்டுறேன்.” கண் மின்னியது. எனக்கும் மின்னியது, பொய் சொல்ல மாட்டேன். எப்படிப்பட்ட காட்சி! ஆனால் பூசைக் கூடையோடு நின்ற பெண் ஞாபகத்துக்கு வந்தாள். கலை ஆடுவாள், ஊர் சிரிக்கும், நாங்கள் பஸ் ஏறிவிடுவோம். இருபது நாள் கழித்து அந்த வீட்டுக்குள் போகப் போகிறவள் அவள்.

பைக்கு சரணத்தை எடுத்துவிடலாமா? எடுத்தால் பாட்டில் பல் இருக்காது. வைத்தால் கடிக்கும். அரியலூரிலிருந்து பஸ் போகும் வழி முழுக்க இதையே யோசித்தேன். ஜெயங்கொண்டம் வருவதற்குள் டிக்கெட்டின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிவிட்டேன். இறங்கியதும் ஆட்களை மாற்றினேன். மாமியார் நான். கலை வேஷம் கட்ட வேண்டாம், கூட்டத்தில் உட்காரட்டும். பல்லவியை முதலில் எடுத்துக் கொடுக்கும் ஆள் அவள்தான்.

“எங்க ஒக்காரட்டும்?”

“ஒன் மாமியா பக்கத்துல.”

“அக்கா!”

“மருமவ மாமியா பக்கத்துல ஒக்காராம வேற எங்க ஒக்காருவா?”

தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே வட்டம் கட்டினோம். நூறு நாள் வேலை முடிந்து வந்த பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். ராஜாமணி முன் வரிசை. கலை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், “நீ ஆடலையாடி?” என்று கேட்டு முதுகைத் தட்டினார். தாய்மாமன் தொட்டியில் சாய்ந்து, வெள்ளைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அம்மாவை அப்படியே எடுத்து ஆடினேன். கேசரியை ஒதுக்குவது, நாற்காலியில் முன்னால் நகர்வது, எல்லாம். முதல் சரணம், கலை சொன்னாள். இரண்டாவது, கலை சொன்னாள். மூன்றாவது சரணத்தில் அவள் நிறுத்திக்கொண்டாள். பறை நின்றது. இரண்டு அடி.

“நாங்க ஒண்ணும் கேக்கலைங்க!” ஒற்றைக் குரல். ராஜாமணி!

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாவம், தன்னைத்தான் பாடுகிறோம் என்றே தெரியவில்லையே என்று நான் உள்ளுக்குள் குதித்தேன். அடுத்தது பைக்கு சரணம், அன்றைக்கு அதை முதலில் பாடாமல் நாலாவதாகத் தள்ளி வைத்திருந்தேன். யார் பக்கமும் திரும்பாமல், வானத்தைப் பார்த்துப் பாடினேன். “வாசல் பைக்குக்கு ஏங்கிக் கெடக்குது, ஆனா...”

“நிறுத்து!”

தாய்மாமன் வட்டத்துக்குள் வந்துவிட்டார். “யாரு பைக்கு கேட்டா? எந்த ஊருல, எவன் கேட்டான்? பேரச் சொல்லு பாப்பம்!”

அண்ணனின் பறைக் குச்சி அந்தரத்தில் நின்றது. கலை தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்த அவள் விரல்கள் எனக்குத் தெரிந்தன. பேர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கு நான்தான் ஊரின் கதாநாயகி. கலையின் கல்யாணம் அந்தத் தொட்டியடியிலேயே முடிந்திருக்கும்.

நான் வேஷத்திலிருந்து வெளியே வரவில்லை. மாமியாராகவே நின்று கையைக் கூப்பினேன். “யாருமே கேக்கலைங்க அண்ணே! அதத்தானே நானும் அப்பலேருந்து சொல்றேன்? இந்த ஊருல எவனும் கேக்கலன்னு நீங்களே வந்து சபையில சொல்லிட்டீங்க. எம்மாம் பெரிய மனசு! எல்லாரும் அண்ணனுக்கு ஒரு கைதட்டு குடுங்க!”

கைதட்டல் எழுந்தது. கோபமாக வந்தவருக்குக் கைதட்டினால் அவர் என்ன செய்வார்? முறைப்பதா, கும்பிடுவதா என்று தெரியாமல் பாதிக் கும்பிடு போட்டார். அந்த இடைவெளியில் அண்ணனிடம் கண்ணைக் காட்டினேன். டிக்கெட்டில் எழுதிய வரிகள்:

“எம் பொண்ணு போனப்ப எவ்வளவு அழுதேன்
எண்ணி எண்ணிக் குடுத்துக் கும்பிட்டு நின்னேன்
எம் புள்ள கட்டுறப்போ என்ன நான் சொல்வேன்?
கையத் தூக்கிச் சொல்லுங்க...”

பறை நின்றது. இரண்டு அடி போயிற்று. இதுவரை பல்லவி கிண்டல். இப்போது அதே பல்லவியைச் சொன்னால் சத்தியம். ஜனங்களுக்கு அது புரிந்துவிட்டது, அதனால்தான் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்று அடி. நாலு. என் ஆயுளில் அத்தனை நீளமான நாலு அடி இல்லை.

ராஜாமணி எழுந்து நின்றார். கையைத் தூக்கினார். “நாங்க ஒண்ணும் கேக்கலைங்க.”

பின்னாலிருந்து ஒருத்தி, “யாருக்கு ராஜாமணி? ஒம் புள்ளைக்கா?” என்று சீண்டினாள்.

“ஆமாண்டி, எம் புள்ளைக்குத்தான். பைக்கும் கேக்கல, கிய்க்கும் கேக்கல. கேட்டுக்கிட்டியா?” தம்பி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. எல்லாக் கையும் இல்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், எல்லாக் கையும் ஒருநாளும் எழாது. வெள்ளைச் சட்டை தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

முடிந்ததும் ராஜாமணி எனக்குச் சொம்பில் மோர் கொண்டுவந்தார். நான் வெற்றி வீராங்கனை மாதிரி வாங்கிக் குடித்தேன்.

“என்னய மாட்டிவுட்டுட்டதா நெனைக்கிறியா பாப்பா?”

மோர் புரையேறியது.

“அந்த போன் எனக்குத் தெரியாம அவன் பண்ணது. பிரபு சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் சொன்னா எந் தம்பி கேப்பானா? ‘ஒனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, சும்மா இரு’ம்பான். ஊருக்கு முன்னாடி சொல்லிட்டா அவனால அசைய முடியாது. எப்ப சொல்றதுன்னு எடம் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ வந்து வட்டம் கட்டுன.” சொம்பை வாங்கிக்கொண்டு சேர்த்துச் சொன்னார்: “அந்தப் பூனை சரணத்துல நாலு பேரு மட்டுந்தான் சிரிச்சாங்க. எடுத்துடு.”

கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மை விடக் குறைவாகத் தெரிந்தவர்கள் என்று நினைத்தபடிதான் நான் இத்தனை ஊர் சுற்றியிருக்கிறேன். எம்.ஏ.வில் யாரும் அதைத் திருத்தவில்லை. ஒரு சொம்பு மோர் திருத்தியது. ஆனால் பூனையை நான் எடுக்கவில்லை. அந்த நாலு பேருக்காக வைத்திருக்கிறேன்.

கல்யாணம் நடந்தது. மண்டபத்து வாசலில் பிரபுவின் பழைய டி.வி.எஸ். எக்ஸெல் நின்றது. யாரோ அதற்கு மாலை போட்டிருந்தார்கள். பந்தியில் போட்ட தயிர் அந்த இரண்டு மாட்டின் பாலில் உறைந்தது. நான் பாயசம் ஊற்றிக்கொண்டு போனேன். தாய்மாமன் இலையில் பாயசம் தீர்ந்திருந்தது, கண் வாளியிலேயே இருந்தது.

“இன்னும் ஊத்தட்டுங்களா அண்ணே?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இலையைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திவிட்டு, “நான் ஒண்ணும் கேக்கலம்மா” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். இந்த முறை கண்ணையும் பார்த்தேன், அதுவும் சிரித்தது. இரண்டு கரண்டி ஊற்றினேன்.

இந்தக் குழு இனி உங்களுடையது. பல்லவியும் உங்களுடையது. கலை உங்களோடு இருப்பாள், கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரை இன்னும் நன்றாக ஆடுகிறாள். நான் இரண்டாவது குழு ஒன்று கட்டுகிறேன். அதில் மாமியார் வேஷத்துக்கு ராஜாமணி வந்துவிட்டார். பறைச் சத்தத்துக்கு மேல் கேட்கும் குரல், தேடினாலும் கிடைக்காது.

முதல் நிகழ்ச்சி சிறுவாச்சூரில். அதற்காகப் போன வாரம் அங்கே போய், மூன்று தெரு விசாரித்து, பூசைக் கூடையோடு நின்ற அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு பாட்டு நோட்டைத் திறந்து, பைக்கு சரணத்தின் மேல் குறுக்கே கோடு போட்டு, கீழே இடம் விட்டுப் பேனாவை நீட்டினேன். “எனக்கு என்னக்கா எழுதத் தெரியும்?” என்றாள். “நான் எழுதுனா வாயில நொழையாது, நீ எழுது” என்றேன்.

நேற்று நோட்டு திரும்பி வந்தது. அண்ணன் பறையில் தட்டிப் பார்த்துவிட்டார், அடி பிசகவில்லை:

“பின்னால ஒக்காந்து போறவ நானு
பெட்ரோலு ஆனது எங்கப்பன் காடு
முன்னால ஒக்காந்து சொல்றாரு கேளு...”

அந்த மூன்று புள்ளியையும் அவளேதான் வைத்திருக்கிறாள்.